சிலிண்டரில் எத்தனை யூனிட் இருக்கிறது?

ஒரு சிலிண்டர் கேஸ் எத்தனை யூனிட் கரண்டுக்குச் சமம்? ஆளாளுக்கு ஒரு கணக்குச் சொல்கிறார்கள். (அம்மாப்பேட்டை)

ஆளாளுக்கு ஒரு கணக்கு வருவதற்குக் காரணம் இருக்கிறது. சிலிண்டருக்குள் இருக்கும் சூட்டைச் சொல்கிறார்களா, பாத்திரத்துக்குள் போய்ச் சேரும் சூட்டைச் சொல்கிறார்களா என்பதில்தான் குழப்பமே.

வீட்டு சிலிண்டரில் 14.2 கிலோ கேஸ். ஒரு கிலோவை எரித்தால் கிடைக்கும் வெப்பம் சுமார் 46 மெகாஜூல். ஒரு யூனிட் மின்சாரம் என்பது 3.6 மெகாஜூல். பெருக்கி வகுத்தால் சிலிண்டருக்குள் 181 யூனிட் அளவு சூடு இருக்கிறது. அதற்குள் சந்தோஷப்பட வேண்டாம். அடுப்பை ஏற்றிவிட்டுப் பாத்திரத்தின் பக்கவாட்டில் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள், ஓர் அடி தள்ளியே சுடும். நீங்கள் காசு கொடுத்து வாங்கிய சூடுதான் அது, சமையலறையைச் சூடாக்கிவிட்டு ஜன்னல் வழியாகப் போகிறது.

நம் நாட்டுத் தரக் கட்டுப்பாட்டின்படி வீட்டு கேஸ் அடுப்பு குறைந்தது 68 சதவீத வெப்பத்தைப் பாத்திரத்துக்குள் சேர்க்க வேண்டும். அது சோதனைச்சாலையில், பெரிய பாத்திரத்தில், காற்று அடிக்காத இடத்தில் எடுக்கும் அளவு. நம் வீட்டில் சின்னக் கரண்டியில் தாளிப்போம், மின்விசிறி சுற்றும், பர்னர் ஓட்டையில் பொங்கிய பால் அடைத்திருக்கும். அதனால் நான் 55 சதவீதம் என்றுதான் வைத்துக்கொள்வேன். அப்படிப் பார்த்தால் சமையலுக்கு உண்மையில் கிடைப்பது சுமார் 100 யூனிட் சூடு.

இண்டக்‌ஷன் அடுப்பில் சுமார் 85 சதவீதம் பாத்திரத்துக்குப் போகிறது. அதே 100 யூனிட் சூட்டைப் பெற மீட்டரில் 117 யூனிட் ஓட வேண்டும். உங்கள் கேள்விக்குப் பதில் இந்த 117தான். அடுப்பைப் பளிச்சென்று வைத்திருப்பவர்களுக்கு இது 140 வரைகூடப் போகும்.

கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள். சிலிண்டர் 45 நாள் வருகிறது. இரண்டு மாதக் கரண்ட் 360 யூனிட். முழுக்க இண்டக்‌ஷனுக்கு மாறலாமா? கடைக்காரர் "பாதிக்குப் பாதி மிச்சம்" என்கிறார். (ஃபேர்லேண்ட்ஸ்)

கடைக்காரர் யூனிட்டுக்கு 4 ரூபாய் 70 காசு என்று போட்டுக் காட்டியிருப்பார். 900 ரூபாய் சிலிண்டருக்கு 117 யூனிட் என்றால், யூனிட் 7 ரூபாய் 70 காசுக்குக் கீழே கிடைக்கும்வரை இண்டக்‌ஷன்தான் மலிவு. அந்த வரைக்கும் அவர் சொல்வது சரி. (கணக்குச் சுலபமாக இருக்கட்டும் என்று சிலிண்டரை 900 என்றே வைத்துக்கொள்கிறேன். மூன்றாம் மாடிக்குத் தூக்கி வரக் கொடுப்பதையும் சேர்க்க வேண்டியவர்கள் சேர்த்துக்கொள்ளுங்கள்.)

ஆனால் உங்கள் அடுப்புக்கு யூனிட் 4.70 அல்ல. வீட்டில் ஏற்கெனவே ஓடும் 360 யூனிட்டுக்கு மேல்தான் அடுப்பு ஏறி உட்காரப் போகிறது. அதனால் 361-ஆவது யூனிட்டிலிருந்து என்ன விலை என்று பார்க்க வேண்டும். 2024 ஜூலைக் கட்டணத்தில், இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். 200 வரை 2.35, 400 வரை 4.70, 500 வரை 6.30. மொத்தம் 500-ஐத் தாண்டினால் 501-லிருந்து 8.40. அதோடு விட்டால்கூடப் பரவாயில்லை. 500-ஐத் தாண்டிய வீட்டுக்கு 101 முதல் 200 வரை இருந்த 2.35 சலுகையும் போய், அந்த நூறு யூனிட்டுக்கும் 4.70 போட்டுவிடுவார்கள். ஒரே ஒரு யூனிட் கூடினாலும் 235 ரூபாய் சேர்ந்து ஏறும்.

இப்போது உங்கள் வீட்டையே போட்டுப் பார்ப்போம். 60 நாளில் உங்களுக்கு ஒன்றே கால் சிலிண்டருக்குச் சற்று மேல் ஆகிறது, அதாவது 1,200 ரூபாய் கேஸ். அதை முழுக்க மின்சாரத்துக்கு மாற்றினால் 156 யூனிட் கூடும். 360 யூனிட்டுக்கு நீங்கள் கட்டுவது 987 ரூபாய். 516 யூனிட்டுக்கு 2,174 ரூபாய். கூடுதல் 1,187. ஆக, இரண்டு மாதம் இண்டக்‌ஷனில் மல்லுக்கட்டி நீங்கள் மிச்சம் பிடிப்பது 13 ரூபாய். ஒரு டீக்கு ஆகும்.

அதற்காக வாங்கவே வேண்டாம் என்று சொல்லவில்லை. 156-க்குப் பதில் 130 யூனிட்டோடு நிறுத்துங்கள். பால், காபி, கொதிக்க வைக்கும் தண்ணீர், குக்கர் எல்லாம் இண்டக்‌ஷனில். தாளிப்பு, தோசை, சப்பாத்தி சுடுவது கேஸில். இப்போது மொத்தம் 490 யூனிட், பில் 1,742. கூடுதல் 755 ரூபாய். இந்த 130 யூனிட் மிச்சம் பிடித்துத் தருவது ஏறக்குறைய 1,000 ரூபாய் கேஸ். கையில் 245 ரூபாய் நிற்கும். குறைவாக மாறியவருக்குத்தான் அதிக மிச்சம், வேடிக்கையாக இருக்கும் ஆனால் கணக்கு அப்படித்தான்.

ஏப்ரல், மே மாதத்தில் ஏசி ஓடும் வீடு என்றால் இன்னொரு பார்வை வேண்டும். அந்த இரண்டு மாதம் அடுப்பு இல்லாமலேயே 480-க்கு வந்துவிடும். அங்கிருந்து 40 யூனிட் கூட்டினால் பில் 1,679-லிருந்து 2,208 ஆகும். யூனிட் 13 ரூபாய்க்கு மேல்! அந்த நேரத்தில் இண்டக்‌ஷனைப் பரண்மேல் போட்டுவிட்டு கேஸுக்குத் திரும்புங்கள். மீட்டரில் எண் எங்கே நிற்கிறது என்று ரீடிங் எடுத்த நாளிலிருந்து மாதம் ஒருமுறை பார்த்தால் போதும். கட்டணம் மாறினால், ரசீதில் உள்ள புது விலையைப் போட்டு இதே கணக்கைத் திரும்பப் போடுங்கள். 500 என்ற கோடு எங்கே இருக்கிறதோ அங்கேதான் கண் இருக்க வேண்டும்.

சேலத்தில் அக்கா வீட்டில் சிலிண்டர் 50 நாள் வருகிறது. ஏற்காட்டில் எங்களுக்கு 25 நாள்கூட வரவில்லை. இரண்டு வீட்டிலும் நான்கு பேர்தான். மலையில் கேஸுக்குச் சூடு குறைவா? (ஏற்காடு)

கேஸுக்குச் சூடு குறையாது. 1,500 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். அதனால் திறந்த பாத்திரத்தில் துவரம்பருப்பு வேக நேரம் பிடிக்கும். குக்கரில் இந்த வித்தியாசம் அவ்வளவாகத் தெரியாது, கீழே 121 டிகிரி என்றால் மேலே 118. சரி, குழாய்த் தண்ணீர் 15 டிகிரியில் வருவதால் கொதிக்க வைக்கப் பத்து சதவீதம் கூடச் செலவாகும். ஆனால் இதெல்லாம் சேர்ந்தாலும் 50 நாள் 25 ஆகாது.

நீங்கள் எழுதாத ஒன்றைக் கேட்கிறேன். குளிக்கும் தண்ணீரையும் அதே அடுப்பிலா காய்ச்சுகிறீர்கள்? ஒரு பக்கெட், 18 லிட்டர், 15 டிகிரியிலிருந்து 40-க்கு வர 74 கிராம் கேஸ் ஆகும். நான்கு பேருக்குத் தினமும் ஏறக்குறைய 300 கிராம். 48 நாளில் ஒரு முழு சிலிண்டர் குளியலறை வழியாகவே ஓடிவிடும். அக்கா வீட்டில் சமையலுக்கு ஒன்று, உங்கள் வீட்டில் சமையலுக்கு ஒன்று, குளியலுக்கு ஒன்று. கணக்கு அப்படியே பொருந்துகிறது.

வாட்டர் ராட் போட்டால் பக்கெட்டுக்கு அரை யூனிட்டுக்குச் சற்று மேல். 4.70 விலையில் இரண்டரை ரூபாய், கேஸில் நான்கே முக்கால் ரூபாய். ஆனால் நான்கு பக்கெட் தினமும் என்றால் இரண்டு மாதத்தில் 130 யூனிட்டைத் தாண்டும், ஃபேர்லேண்ட்ஸ் சகோதரிக்குச் சொன்ன 500 கோட்டை நீங்களும் பார்த்துக்கொள்ள வேண்டும். ராடு போட்ட தண்ணீரில் ஸ்விட்சை அணைத்து ப்ளக்கைப் பிடுங்காமல் கை வைக்காதீர்கள்.

சிலிண்டரில் குறைவாக நிரப்பித் தருகிறார்களோ என்று சந்தேகம். எப்படித் தெரிந்துகொள்வது? (குகை)

நிறுத்துத்தான். கைப்பிடி வளையத்துக்குக் கீழே உள்ள பட்டையில் காலி எடை எழுதியிருக்கும். உதாரணத்துக்கு 15.3 என்றால் நிரம்பிய சிலிண்டர் 29.5 இருக்க வேண்டும். டெலிவரிக்கு வருபவர் தராசு காட்ட வேண்டும், கேளுங்கள். நான் லீ பஜாரில் மூட்டை நிறுக்கும் தொங்கு தராசு ஒன்றை இரவல் வாங்கி, ஒன்றரை வருடம் ஒவ்வொரு சிலிண்டரையும் நிறுத்தேன். ஒருமுறைதான் ஒன்றே கால் கிலோ குறைந்தது, திருப்பி அனுப்பினேன். மற்றபடி என் வீட்டு சிலிண்டர் 38 நாளில் தீர்ந்ததற்குக் காரணம் என் அடுப்பேதான். ஜுவாலை நுனி மஞ்சளாக எரிந்தது, குக்கர் அடியில் கரி பிடித்தது. பர்னரைக் கழற்றி ஊறவைத்துத் தேய்த்து, ஜெட்டை மெக்கானிக் சுத்தம் செய்த பிறகு 43 நாள் வந்தது.

பாதியில் எவ்வளவு மிச்சம் என்று பார்க்க, ஈரத் துணியால் சிலிண்டரை மேலிருந்து கீழ்வரை ஒருமுறை துடையுங்கள். காலியான பகுதி சட்டென்று காயும், கேஸ் திரவம் நிற்கும் மட்டத்துக்குக் கீழே ஈரம் சற்று நேரம் நிற்கும். கடைசிச் சொட்டுக்காகச் சிலிண்டரைச் சாய்ப்பதும் வெந்நீரில் நிறுத்துவதும் வேண்டவே வேண்டாம்.

வாடகை வீடு. ஓனர் சப் மீட்டர் வைத்து யூனிட்டுக்கு 9 ரூபாய் வாங்குகிறார். எனக்குக் கேஸா, கரண்டா? (சூரமங்கலம்)

அப்படியானால் கேஸ்தான். 7.70-ஐத் தாண்டிவிட்டது. ஆத்திர அவசரத்துக்கு ஒரு இண்டக்‌ஷன் வைத்துக்கொள்ளலாம், அதையும் 16 ஆம்பியர் சாக்கெட்டில் போடுங்கள். 2,000 வாட்டில் ஓடினால் எட்டு ஆம்பியருக்கு மேல் இழுக்கும், செல்போன் சார்ஜ் போடும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் அதற்கு உருகிவிடும்.