30 நாள் கிரெடிட்டை 45 ஆக்க: கெஞ்சாமல் ஒரு கடிதம்

கேள்வி: அட்டைப்பெட்டி, பேக்கிங் பொருட்களை ஒரே சப்ளையரிடம் வாங்குகிறேன். வாரம் ஒரு ஆர்டர், ஒவ்வொன்றும் சுமார் 1 லட்சம். 30 நாள் கிரெடிட், 5 லட்சம் லிமிட். என் வாடிக்கையாளர்கள் எனக்கு 45 நாள் கழித்துத்தான் தருகிறார்கள். போன வருஷம் ஒரே ஒரு பில் 6 நாள் தாமதமானது, மற்றபடி ஒழுங்காகக் கட்டியிருக்கிறேன். 60 நாள் கேட்கலாம் என்று இப்படி எழுதினேன்: "ஐயா, வியாபாரம் மந்தமாக இருக்கிறது, கையில் பணம் சுழலவில்லை. தயவுசெய்து மனது வைத்து இன்னும் கொஞ்சம் அவகாசம் கொடுத்தால் பேருதவியாக இருக்கும். கண்டிப்பாகக் கட்டிவிடுவோம்." படித்தால் எனக்கே கூச்சமாக இருக்கிறது. எப்படி மாற்றுவது?

பதில்: கூச்சம் இருக்கட்டும், இந்தக் கடிதம் உங்களுக்குக் கெடுதலே செய்யும். இதைப் படிக்கப் போவது உங்களோடு போனில் சிரித்துப் பேசும் சேல்ஸ்காரர் மட்டும் இல்லை, அவருக்குப் பின்னால் கணக்குப் பார்க்கும் ஒருவர் இருப்பார். அவர் கண்ணில் முதலில் படுவது "பணம் சுழலவில்லை" என்பதுதான். படித்த உடனே அவர் செய்யும் காரியம் உங்கள் லெட்ஜரைத் திறந்து பழைய தாமதத்தைத் தேடுவது. 60 நாள் கேட்கப் போய், "இனி பாதிப் பணம் முன்பணமாகக் கொடுங்கள்" என்று பதில் வாங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன். "கொஞ்சம் அவகாசம்" என்பதில் எண்ணே இல்லை, எண் இல்லாததை யாரும் கையெழுத்துப் போட்டு அனுமதிக்க முடியாது. "கண்டிப்பாகக் கட்டிவிடுவோம்" என்ற வரியோ, அதுவரை இல்லாத சந்தேகத்தை நீங்களே கிளப்பிவிடுவது போல.

சரி, முதலில் எத்தனை நாள் கேட்பது? 60 வேண்டாம். வாரம் ஒரு முறை வாங்கும்போது சரக்கு உங்களிடம் சராசரியாக மூன்றரை நாள் கிடக்கிறது, அதற்கப்புறம் 45 நாள் கழித்துப் பணம் வருகிறது, ஆக மொத்தம் 48 நாள் சொச்சம். 30-வது நாள் நீங்கள் கட்டிவிடுவதால் 18 நாள் சொச்சத்துக்கு உங்கள் கைப்பணம் மாட்டிக்கொள்கிறது. உங்கள் பிரச்சினை இந்த 18 நாள்தான். 60 நாள் கேட்டால், உங்களுக்குப் பணம் வந்த பிறகும் பத்து நாளுக்கு மேல் அதை வைத்துக்கொள்ளப் போகிறீர்கள் என்று அர்த்தம், கணக்குத் தெரிந்த சப்ளையர் அதைப் பத்து நிமிஷத்தில் கண்டுபிடித்துவிடுவார். 60 கேட்டால் பேரத்தில் 45-க்கு வந்து நிற்கும் என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. 45-க்குச் சொல்ல உங்களிடம் காரணம் இருக்கிறது, 60-க்கு இல்லை.

அடுத்து, இது அவருக்கு என்ன செலவு என்று நீங்களே போட்டுப் பாருங்கள். மாதம் 4 லட்சம் வியாபாரத்தில் 15 நாள் கூடினால் அவருடைய பணம் கூடுதலாக 2 லட்சம் உங்களிடம் நிற்கும். அவர் வங்கியில் வருஷத்துக்கு 12% வட்டிக்கு வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம், 2 லட்சத்துக்கு வருஷம் 24,000, மாதம் 2,000. அதாவது உங்கள் வியாபாரத்தில் அரை சதவீதம். நீங்கள் கேட்பதன் விலை அவ்வளவுதான். அந்த 2,000-க்கு ஈடாக எதையாவது மேஜையில் வைத்துவிட்டால் இது உதவி கேட்பதாகவே இருக்காது.

எதை வைப்பது? வாரம் ஒரு ஆர்டரை 15 நாளுக்கு ஒரு ஆர்டராக்குங்கள். அவருக்கு மாதம் நான்கு வண்டி, நான்கு பில், நான்கு வசூல் எல்லாம் இரண்டாகக் குறையும். மூன்று மாதத் தேவையை முன்கூட்டியே எழுதிக் கொடுத்தால் அவரும் கச்சாப்பொருளைத் திட்டமிட்டு வாங்குவார். உங்களுக்கும் இதில் ஒரு சின்ன இழப்பு உண்டு, சரக்கு இனி சராசரியாக ஏழரை நாள் கிடக்கும். 15 நாள் கிடைத்து 4 நாள் போகிறது, மிச்சம் 11. மாட்டிக்கொண்ட 18 நாள் 7 நாளாகிறது. நல்ல பேரம்தான். ஆனால் வியாபாரம் கூடும், ஆர்டர் இரட்டிப்பாகும் என்று வாய்க்கு வந்ததை எழுதிவிடாதீர்கள், மூன்றாவது மாதம் அதையே திருப்பிக் காட்டுவார்கள்.

இப்போது பலரும் விழும் குழிக்கு வருகிறேன், லிமிட். நாளைக் கேட்டு வாங்குவார்கள், லிமிட்டை மறந்துவிடுவார்கள். உங்கள் கணக்கிலேயே பாருங்கள். முதல் நாள் 2 லட்சம் பில், 15-வது நாள் இன்னொரு 2 லட்சம், 30-வது நாள் மூன்றாவது ஆர்டர் போடும்போது பாக்கி 6 லட்சமாகிவிடும். லிமிட் 5 லட்சம்தான். முதல் பில்லுக்குத் தவணை வர இன்னும் 15 நாள் இருக்கிறது, ஆனாலும் சரக்கு நிற்கும், அதை விடுவிக்க நீங்கள் 30-வது நாளே பணம் போடுவீர்கள். 45 நாள் என்பது பேப்பரில் மட்டும் இருக்கும். 45-வது நாள் முதல் பில்லுக்கான பணம் அவர் கணக்கில் ஏறுவதற்குள் நான்காவது ஆர்டர் போய்விட்டால் 8 லட்சம் தேவைப்படும். அதனால் 8 கேளுங்கள். 6-தான் தருவோம் என்றால் வாங்கிக்கொண்டு, பணத்தை ஒரு நாள் முன்னதாகப் போட்டுவிட்டு ஆர்டர் கொடுங்கள்.

இதை வைத்து நான் எழுதினால் இப்படி இருக்கும்:

"வணக்கம். கடந்த 12 மாதங்களில் எங்கள் பில்கள் அனைத்தையும் 30 நாளுக்குள் செலுத்தியிருக்கிறோம், ஒன்று மட்டும் 6 நாள் தாமதமானது. இன்றைய தேதியில் தவணை கடந்த பாக்கி எதுவும் இல்லை.

அடுத்த மாதம் முதல் வார ஆர்டருக்குப் பதிலாக 15 நாளுக்கு ஒரு முறை, சுமார் 2 லட்சத்துக்கு ஆர்டர் தர விரும்புகிறோம். உங்களுக்கு டெலிவரி மாதம் நான்கிலிருந்து இரண்டாகக் குறையும். அடுத்த மூன்று மாதத் தேவையை இத்துடன் இணைத்திருக்கிறோம்.

எங்களுக்கு வாடிக்கையாளர்களிடமிருந்து 45-வது நாள் பணம் வருகிறது. அதற்கேற்ப கிரெடிட்டை பில் தேதியிலிருந்து 45 நாளாகவும் லிமிட்டை 8 லட்சமாகவும் மாற்றும்படி கேட்கிறோம். முதல் ஆறு மாதம் சோதனையாக வைத்துக்கொள்ளலாம். அதற்குள் ஏதாவது ஒரு பில் 3 நாளுக்கு மேல் தாமதமானால் பழைய 30 நாளுக்கே திரும்பிவிடலாம். வரும் வியாழக்கிழமைக்குள் உங்கள் முடிவைச் சொன்னால் புதிய முறையில் முதல் ஆர்டரை அனுப்புகிறோம்."

"தயவுசெய்து" ஒன்றுகூட இல்லை, ஆனாலும் மரியாதை குறையவில்லை, பாருங்கள். அந்த 6 நாள் தாமதத்தை நாமே சொன்னதற்குக் காரணம் உண்டு. அவர்கள் எப்படியும் பார்ப்பார்கள், நாம் சொல்லாமல் அவர்கள் பார்த்தால் அதற்குப் பெயர் வேறு. "பில் தேதியிலிருந்து" என்ற சொற்களையும் விட்டுவிடாதீர்கள், சிலர் சரக்கு வந்த தேதியிலிருந்து எண்ணுவார்கள், சிலர் மாதக் கடைசியிலிருந்து.

ஒன்று மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். இந்தக் கடிதம் தவணை கடந்த பாக்கி இல்லாதவர்களுக்கு மட்டும். உங்களுக்கு இல்லை, சரி, ஆனால் அனுப்புகிற அன்றைக்கும் இருக்கக்கூடாது. ஒரு பில் நான்கு நாள் தாண்டி நிற்கும்போது இதை அனுப்பினால், நீங்கள் கேட்பது புது ஏற்பாடு என்று யாரும் நினைக்கமாட்டார்கள், அந்தப் பில்லைத் தள்ளிப்போடப் பார்க்கிறீர்கள் என்றுதான் நினைப்பார்கள். அப்படி ஒரு பில் நின்றால் அதற்குத் தனியாக எழுதுங்கள்: எந்தப் பில், எவ்வளவு, எந்தத் தேதியில் கட்டுவீர்கள். கதை வேண்டாம். பாதிப் பணம் இருந்தால் அந்தப் பாதியை அன்றே போட்டுவிட்டு மீதிக்குத் தேதி சொல்லுங்கள். அதைக் கட்டி முடித்து, அதற்கப்புறம் இரண்டு மூன்று பில்களாவது நாள் தவறாமல் கட்டிய பிறகுதான் கிரெடிட் நாள் பேச்சையே எடுக்க வேண்டும். பழைய பாக்கியையும் புது நாளையும் ஒரே கடிதத்தில் போட்டுக் குழப்பி, இரண்டையும் இழந்தவர்கள் நிறையப் பேர்.

அப்புறம், "நான் பேசி 45 நாள் வாங்கித் தருகிறேன்" என்று நடுவில் நுழைபவர்கள். ஏஜென்ட் என்பார்கள், ஆலோசகர் என்பார்கள். சப்ளையரிடமிருந்து அவர் தன் பெயரில் வாங்கி உங்களுக்குக் கைமாற்றுவார், விலையில் 1% மட்டும் கூட்டுவார். ஒரு சதவீதம்தானே என்று தோன்றும். 15 நாளுக்கு 1% என்றால் வருஷத்துக்கு 24% வட்டி. சப்ளையருக்கு அரை சதவீதம்தான் செலவு என்று மேலே பார்த்தோமே, மீதி அரை யார் பைக்குப் போகிறது? இதில் இன்னொரு கேடும் உண்டு. பில் அவர் பெயரில் போவதால், நீங்கள் எவ்வளவு ஒழுங்காகக் கட்டினாலும் அந்த நல்ல பெயர் அவருக்குத்தான் சேரும். சப்ளையர் நேரடியாக மறுத்தால், "விலையில் அரை சதவீதம் சேர்த்துக்கொள்ளுங்கள், 45 நாள் கொடுங்கள்" என்று நீங்களே கேட்டுவிடலாம். உத்தரவாதத்துக்கு என்று தொகை எழுதாத காசோலையில் கையெழுத்து கேட்பவரிடம் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள்.

சப்ளையர் ஒப்புக்கொண்ட பிறகுதான் நிஜமான தலைவலி ஆரம்பம். சேல்ஸ்காரர் போனில் "முடிஞ்சுது சார்" என்பார், அவருடைய கம்ப்யூட்டரில் உங்கள் கணக்கு இன்னும் 30 நாள், 5 லட்சம் என்றே இருக்கும். 31-வது நாள் நினைவூட்டல் மெயில் வரும், வண்டி கிளம்பாது, நீங்கள் தாமதமே செய்யாத பில் "தாமதம்" என்று பதிவாகும். அதை ஒருவரும் அழிக்கமாட்டார்கள், அடுத்த வருஷம் லிமிட் கூட்டக் கேட்டால் அதையே எடுத்து நீட்டுவார்கள். ஒரு கட்டத்தில் இரண்டு எண்ணை மாற்றுவதற்கு எத்தனை பேருக்குப் போன் போடுவது என்று எரிச்சலாகத்தான் இருக்கும். அதனால் கடிதத்தை சேல்ஸ்காரருக்கும் கணக்குப் பிரிவுக்கும் சேர்த்தே அனுப்புங்கள், கணக்குப் பிரிவிலிருந்து 45 நாள், 8 லட்சம் என்று ஒரு வரி மெயில் வரும்வரை பெரிய ஆர்டர் போடாதீர்கள். முதல் பில் வந்ததும் அதில் அச்சாகியிருக்கும் தவணைத் தேதியைப் பாருங்கள். 30 நாள் என்றே இருந்தால் அன்றைக்கே பில்லைத் திருத்தச் சொல்லுங்கள், அடுத்த பில்லில் சரியாகிவிடும் என்பார்கள், ஆகாது.

கடிதத்தை எப்போது அனுப்புவது என்றால், ஒரு பில்லுக்கான பணம் அவர்கள் கணக்கில் ஏறிய மறுநாள்.