40 ரெப்போ இருந்தும் அழைப்பு வராதது ஏன்?

கேள்வி: என் கிட்ஹப்பில் 40 ரெப்போ இருக்கிறது. ஜாங்கோ, போஸ்ட்கிரெஸ், டெஸ்ட் எழுதிய அனுபவம் கேட்கும் வேலைகளுக்கு ப்ரொஃபைல் லிங்க் கொடுத்துத்தான் விண்ணப்பிக்கிறேன், பதிலே இல்லை. ரெடிமேட் ப்ராஜெக்ட் ஒன்றை வாங்கிச் சேர்த்தால் பலன் உண்டா?

பதில்: வாங்காதீர்கள். விற்பவர் அதே கோடைப் பலருக்கும் விற்றிருப்பார். ஆள் எடுக்க உங்கள் கோடைப் படிப்பவர் அதில் ஒரு வரியை எடுத்துத் தேடினால், அதே எழுத்துப்பிழையோடு வேறு பல கணக்குகளிலும் கிடைக்கும். தேடாவிட்டாலும் கமிட் பட்டியல் காட்டிக்கொடுக்கும்: முழு ப்ராஜெக்டும் ஒரே கமிட்டில் ஏறியிருக்கும். ப்ரொஃபைலில் கமிட் நாட்களைக் காட்டும் பச்சைக் கட்டங்களை நிரப்பித் தருவதாகப் பணம் கேட்பவர்களையும் நம்பாதீர்கள். கமிட் தேதியை யாரும் மாற்றி வைக்கலாம் என்பது படிப்பவருக்குத் தெரியும்.

பல இடங்களில் முதல் சுற்றில் ரெஸ்யூமேயைப் பிரிப்பவர் லிங்க்கைத் திறப்பதே இல்லை. விளம்பரத்தில் உள்ள சொற்கள் ரெஸ்யூமேயில் இருக்கின்றனவா என்று பார்ப்பதோடு சரி. கோடு படிக்கத் தெரியாதவர் கையில் இந்த வேலையைக் கொடுப்பது அநியாயம்தான். ஆனாலும் அதைத் தாண்டித்தான் போக வேண்டும். அதனால் உதாரணமாக 'இருக்கை முன்பதிவு ஏபிஐ: ஜாங்கோ, போஸ்ட்கிரெஸ், டெஸ்டுகளுடன்' என்று ரெஸ்யூமேயிலேயே எழுதி, பக்கத்தில் அந்த ஒரு ரெப்போவின் நேரடி லிங்க்கைக் கொடுங்கள்.

அடுத்துத் திறப்பவர் டெவலப்பர். அவருக்கு இருப்பது சில நிமிடங்கள். முதலில் ரீட்மீயைப் படிப்பார், பிறகு டெஸ்ட் ஃபோல்டர், பிறகு கமிட்டுகள். ஒரே இருக்கையை இருவர் ஒரே நேரத்தில் பதிவு செய்தால் என்ன ஆகும்? காட்சி, இருக்கை இரண்டுக்கும் சேர்த்து டேட்டாபேஸில் யுனீக் கட்டுப்பாடு வைத்து, இரண்டாவது பதிவு `IntegrityError` ஆக வேண்டும் என்று ஒரு டெஸ்ட் எழுதியிருந்தால், விளம்பரம் கேட்ட மூன்றுக்கும் அந்த ஒரு இடமே சான்று. பாடம் பார்த்து எழுதிய ரெப்போக்கள் எத்தனை இருந்தாலும் அவற்றால் இதைக் காட்ட முடியாது. அவற்றை ப்ரைவேட் ஆக்கிவிட்டு, இதை ப்ரொஃபைலில் பின் செய்யுங்கள்.

குழுவாகச் செய்ததென்றால் உங்கள் பங்கு எது என்பதை ரீட்மீயில் சொல்லுங்கள். படிப்பவர் இப்படிச் சரிபார்க்க முடியும்:

```
git shortlog -sn HEAD
```

ஒரு விதிவிலக்கை மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும். வேலையில் இருப்பவர்களின் கோடு முழுவதும் நிறுவனத்தின் ப்ரைவேட் ரெப்போவில் இருக்கும். வெளியே காட்ட எதுவும் இல்லையே என்று அதை நகலெடுத்துப் போடாதீர்கள். பெயர்களை மாற்றிப் போட்டாலும் அது நிறுவனத்தின் சொத்து. பார்ப்பவர், நாளை தன் கோடும் இப்படி வெளியே போகும் என்றுதான் நினைப்பார். 'கோடு நிறுவனத்துடையது, காட்ட இயலாது' என்று ஒரு வரி எழுதி, எந்தப் பிரச்சினையை எப்படித் தீர்த்தீர்கள் என்பதை ரகசியம் வெளிவராமல் நான்கு வரியில் சொல்லுங்கள். அதே வகைப் பிரச்சினைக்குப் புதிதாக ஒரு சிறு ரெப்போவைச் சொந்தமாக எழுதினால் போதும். வெளியே காட்டக் கோடு இல்லை என்பதற்காக நியாயமான மதிப்பீட்டாளர் யாரையும் தள்ளுவதில்லை.

அனுப்பும் முன் லிங்க்கை இன்காக்னிட்டோ விண்டோவில் திறந்து பாருங்கள். ப்ரைவேட் ரெப்போ உங்களுக்குத் திறக்கும். மற்றவர்களுக்கு 404 தான் வரும்.