அட்வான்ஸில் பிடித்தம்: எது நம் செலவு, எது ஓனர் செலவு?

"வேலை கிடைத்துச் சென்னைக்கு வருகிறேன். முதல்முறையாக வாடகைக்கு வீடு பார்க்கிறேன். அட்வான்ஸ் எவ்வளவு கொடுக்கலாம்? ரிப்பேர் வந்தால் யார் செலவு செய்யணும்? காலி பண்ணும்போது பணம் முழுசா திரும்ப வருமா?"

நான்கு வருஷம் குடியிருந்த வீட்டைக் காலி செய்த அன்று ஓனர் என் கையில் ஒரு துண்டுச் சீட்டு கொடுத்தார். மாத வாடகை 12,000, கொடுத்திருந்த அட்வான்ஸ் 60,000. சீட்டில் இப்படி எழுதியிருந்தது: பெயிண்டிங் 12,000, பாத்ரூம் பைப் 4,800, டேப் இரண்டு 900, ஸ்விட்ச் போர்டு 650, ஜன்னல் கண்ணாடி 500, கடைசி ஈ.பி. பில் 1,340. கூட்டினால் 20,190. மிச்சம் 39,810 தருகிறேன் என்றார். கெட்ட மனிதர் இல்லை. நான்கு வருஷத்தில் ஒரு நாள்கூடக் குரல் உயர்த்திப் பேசியதில்லை. எல்லா வீட்டிலும் நடப்பதுதான் நியாயம் என்று அவர் உண்மையாகவே நம்பினார்.

"தம்பி, ஒரு மாச வாடகை பெயிண்டிங்குக்குப் பிடிக்கிறது எல்லா இடத்துலயும் உள்ள வழக்கம்தானே" என்றார்.

வழக்கம் என்பது சரிதான். ஆனால் சட்டம் வேறு மாதிரி சொல்கிறது. உங்கள் கேள்விக்கான பதிலில் பாதி இந்த இடத்தில்தான் இருக்கிறது.

தமிழ்நாட்டில் வீட்டு வாடகைக்கு இப்போது நடைமுறையில் இருப்பது 2017-ல் இயற்றப்பட்டு 2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்த சட்டம். வீட்டு உரிமையாளருக்கும் வாடகைதாரருக்கும் உள்ள உரிமைகளையும் பொறுப்புகளையும் ஒழுங்குபடுத்தும் சட்டம் அது. 1960-ஆம் வருஷத்து வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் அதோடு போய்விட்டது. புதிய சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் எந்த ரிப்பேர் யார் பொறுப்பு என்று இரண்டு பட்டியல்கள் இருக்கின்றன. ஓனர் பட்டியல் சின்னது: கட்டட அமைப்பு சார்ந்த ரிப்பேர், சுவருக்கு வெள்ளையடிப்பதும் கதவு ஜன்னலுக்குப் பெயிண்ட் அடிப்பதும், தேவைப்படும்போது தண்ணீர்க் குழாய்களை மாற்றுவது, வீட்டின் வயரிங். நம் பட்டியல்தான் நீளம். டேப்பும் அதன் வாஷரும், அடைத்துக்கொண்ட சாக்கடைக் குழாய், கழிப்பறை, வாஷ்பேசின், கீசர், ஸ்விட்ச், பிளக் பாயிண்ட், தாழ்ப்பாள், பூட்டு, உடைந்த கண்ணாடி, கொசுவலை எல்லாம் நம் தலையில்.

இதை மனப்பாடம் செய்யத் தேவையில்லை. கையால் தொட்டுத் தினமும் புழங்குகிற பொருள் நம்முடையது. சுவருக்கு உள்ளே புதைந்திருப்பதும், சுவரும் அதன் மேல் பூச்சும் ஓனருடையது. முக்கால்வாசி ரிப்பேருக்கு இந்தக் கணக்கு சரியாக வரும். நாமே உடைத்தால் மட்டும் எந்தப் பக்கத்துப் பொருளானாலும் நம் செலவு.

ஆக, பெயிண்டிங் அட்டவணைப்படி ஓனர் செலவு. நான்கு வருஷத்தில் சுவர் மங்குவதும், கட்டில் தலைமாடு பட்ட இடத்தில் எண்ணெய்க் கறை தெரிவதும் சாதாரணத் தேய்மானம். அதற்கு நாம் பணம் தர வேண்டியதில்லை. ஆனால் என் வீட்டு ஹாலில் டிவி மாட்டுவதற்காக நான் போட்ட நான்கு டிரில் ஓட்டைகள் இருந்தன. என் மகள் படுக்கையறைச் சுவரில் இடுப்பு உயரம் வரை கிரேயானால் கிறுக்கி வைத்திருந்தாள். அது தேய்மானம் இல்லை, சேதம். ஓட்டைக்குப் பட்டி வைத்து அந்த இரண்டு சுவரை மட்டும் திருத்த ஆகும் செலவை ஏற்றுக்கொள்வதுதான் நேர்மை என்று நினைத்தேன். எதற்குமே தர மாட்டேன் என்று நின்றிருந்தால் என் மற்ற வாதங்களையும் அவர் நம்பியிருக்க மாட்டார்.

இங்கே ஒரு எச்சரிக்கை. நிறைய வாடகை ஒப்பந்தங்களில் "காலி செய்யும்போது ஒரு மாத வாடகை பெயிண்டிங்குக்குப் பிடித்துக்கொள்ளப்படும்" என்ற வரி ஏற்கெனவே டைப் அடித்தே வரும். புரோக்கர் நீட்டும் தாளில் யாரும் அதைப் படிப்பதில்லை. கையெழுத்துக்கு முன்னால் அந்த வரியை அடிக்கச் சொல்லுங்கள். முழுசாக ஒத்துக்கொள்ளவில்லை என்றால், "வாடகைதாரரால் ஏற்பட்ட சேதத்துக்கு மட்டும்" என்று மாற்றி எழுதக் கேளுங்கள். கையெழுத்துப் போட்ட பிறகு சட்டத்தைக் காட்டிப் பேசினால், அவர் நம் கையெழுத்தைக் காட்டிப் பேசுவார்.

அடுத்து பாத்ரூம் பைப். காலி செய்வதற்கு ஆறு மாசம் முன்னால் பாத்ரூமை ஒட்டிய படுக்கையறைச் சுவரில் ஓதம் ஏறியது. தரையிலிருந்து ஒரு அடி உயரத்துக்குப் பெயிண்ட் உப்பி, விரல் வைத்தால் பொலபொலவென்று உதிர்ந்தது. நான் தண்ணீரை ஊற்றி ஊற்றிக் குளிப்பதால்தான் என்று ஓனர் நினைத்தார். வந்த பிளம்பர் எளிமையான ஒரு சோதனை சொன்னார். இரவு எல்லா டேப்பையும் மூடிவிட்டு, மாடித் தொட்டியில் தண்ணீர் நிற்கும் மட்டத்தைக் குறித்துவைக்க வேண்டும். காலையில் மட்டம் இறங்கியிருந்தால் சுவருக்குள் ஓடும் குழாயில் கசிவு. மட்டம் அப்படியே இருந்து, குளித்த பிறகு மட்டும் சுவர் ஈரமானால் டைல்ஸ் இடுக்கிலோ கழிவுநீர்ப் பாதையிலோ கசிவு. எங்கள் வீட்டில் விடியும்போது மூன்று விரற்கடை இறங்கியிருந்தது. குழாய்தான். எனவே ஓனர் செலவு. (தொட்டி பல வீடுகளுக்குப் பொதுவாக இருந்தால் இந்தச் சோதனை உதவாது. நம் வீட்டுக்கு வரும் வால்வை இரவு முழுக்க மூடி, ஓதம் குறைகிறதா என்று சில நாள் பார்க்க வேண்டும்.)

அப்போது நான் ஒரு நல்ல காரியம் செய்திருந்தேன். சுவரையும் தொட்டியில் போட்ட கோட்டையும் படம் எடுத்து, பிளம்பர் சொன்னதையும் சேர்த்து ஓனருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். "பாத்துப் பண்ணுங்க" என்று பதில் போட்டார். நானே 4,800 கொடுத்து வேலையை முடித்து, அடுத்த இரண்டு மாச வாடகையில் 2,400 வீதம் கழித்துக்கொண்டேன். ஓனர் செய்ய வேண்டிய ரிப்பேரை அவர் செய்யாவிட்டால் வாடகைதாரர் செய்து வாடகையில் கழித்துக்கொள்ளச் சட்டம் அனுமதிக்கிறது. ஒரு மாசத்தில் கழிப்பது அந்த மாச வாடகையில் பாதியைத் தாண்டக் கூடாது, அவ்வளவுதான். ஓனர் அதை மறந்து, வாடகை குறைந்ததை மட்டும் நினைவில் வைத்து, சீட்டில் அதே 4,800-ஐ எழுதிவிட்டார். போனைத் திறந்து அவருடைய பதிலையே காட்டியதும் தானே அடித்துவிட்டார். வாய்ப்பேச்சில் முடித்திருந்தால் எனக்கு அந்தப் பணம் போயிருக்கும்.

மீதி டேப், ஸ்விட்ச், கண்ணாடி, கரண்ட் பில் நான்கும் நம் பட்டியலில் வருபவை. ஆனாலும் இரண்டு டேப்பில் ஒன்று, நான் குடிவந்த நாளிலேயே சொட்டிக்கொண்டிருந்தது. சாவி வாங்கிய அன்று, சாமான் இறக்குவதற்கு முன், காலி வீட்டை அறை அறையாக வீடியோ எடுத்து, ஓனருக்கே அனுப்பியிருந்தேன். அதில் சமையலறை டேப் சொட்டும் சத்தம்கூடக் கேட்கும். நீங்களும் இதைத் தவறாமல் செய்யுங்கள். ஒவ்வொரு டேப்பையும் திறந்து மூடுங்கள், ஒவ்வொரு ஸ்விட்ச்சையும் போட்டுப் பாருங்கள், ஃபிளஷ் இழுங்கள், ஜன்னல் கொக்கிகளைத் தொட்டுப் பாருங்கள். பாத்ரூமின் பின்பக்கச் சுவரையும் சமையல் மேடையின் அடிப்பக்கத்தையும் கிட்டப் போய் எடுங்கள். மழைக்காலம் முடிந்த பிறகு புதுப் பெயிண்ட் அடித்துக் காட்டும் வீடு என்றால் சுவரின் கீழ்ப்பகுதியை உள்ளங்கையால் தடவிப் பாருங்கள். ஓதம் இருந்தால் புதுப் பெயிண்டுக்கு மேலேயே சில்லென்று தெரியும். கடைசியாக ஈ.பி. மீட்டரின் ரீடிங்கைப் படம் எடுங்கள். இரண்டு மாசத்துக்கு ஒருமுறை பில் வருவதால், முந்தைய குடித்தனக்காரர் எரித்த யூனிட்டும் உங்கள் முதல் பில்லில் சேர்ந்து வரும்.

அட்வான்ஸ் தொகைக்கு வருகிறேன். மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது என்பது சட்டத்தின் பொது விதி. ஆனால் ஒப்பந்தத்தில் இருவரும் வேறு தொகைக்கு ஒத்துக்கொண்டால் அதற்கு இடம் உண்டு. அதனால்தான் சென்னையில் இன்னும் ஐந்து மாசம், பத்து மாசம் என்று கேட்கிறார்கள். கேட்பவரிடம் மூன்று மாசத்தைச் சொல்லி, அங்கிருந்து பேசுங்கள். எவ்வளவு பேசி முடித்தாலும் வங்கி வழியாகவே அனுப்புங்கள். தொகையை ஒப்பந்தத்தில் எண்ணாலும் எழுத்தாலும் எழுதுங்கள். டோக்கன் அட்வான்ஸ் என்று புரோக்கர் கையில் கொடுப்பதையும் இந்தக் கணக்கில் சேர்த்து எழுத வேண்டும். பலர் கோட்டைவிடுவது அங்கேதான்.

ஒப்பந்தத்தை tenancy.tn.gov.in தளத்தில் வாடகை ஆணையத்திடம் பதிவு செய்து பதிவு எண் வாங்கச் சொல்லுங்கள். 11 மாச ஒப்பந்தம்தானே, பதிவு தேவையில்லை என்பார்கள். அது சார்பதிவாளர் அலுவலகப் பத்திரப் பதிவைப் பற்றிய பேச்சு. வாடகை ஆணையத்தின் பதிவு 11 மாசத்துக்கும் பொருந்தும். வீட்டைக் காலி செய்த ஒரு மாசத்துக்குள், நியாயமான பிடித்தம் போக, அட்வான்ஸைத் திருப்பித் தர வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. தராவிட்டால் வாடகை நீதிமன்றத்துக்குப் போகும்போது கையில் பதிவான ஒப்பந்தம் இருக்க வேண்டும்.

கடைசி மாசங்களின் வாடகையைக் கொடுக்காமல், "அட்வான்ஸில் கழிச்சுக்கோங்க" என்று விட்டுவிடலாம் என நண்பர்கள் சொல்வார்கள். ஓனர் எழுத்தில் சம்மதித்தால் மட்டும் செய்யுங்கள். இல்லையென்றால் அது வாடகை பாக்கிதான், அதை வைத்தே உங்கள் மேல் குற்றம் சொல்லலாம்.

என் சீட்டு கடைசியில் இப்படி ஆனது. டேப் ஒன்று 450, ஸ்விட்ச் போர்டு 650, கண்ணாடி 500, ஈ.பி. 1,340, அந்த இரண்டு சுவருக்கு 1,500. மொத்தம் 4,440. ஓனர் ஒவ்வொரு வரியாகப் பேனாவால் திருத்தி, கீழே கையெழுத்துப் போட்டார். நானும் போட்டேன். சாவியைக் கொடுக்கும்போது மீட்டரை இருவரும் சேர்ந்து பார்த்தோம். 55,560 ரூபாய் பத்தொன்பதாம் நாள் என் கணக்குக்கு வந்தது.