திருத்தப்பட்ட அறிக்கை: வாடிக்கையாளருக்கு எழுதும் மின்னஞ்சல் பற்றிய கேள்வி பதில்

கேள்வி: எங்கள் வாடிக்கையாளரான ஆன்லைன் துணிக்கடைக்கு ஆகஸ்ட் மாத விளம்பர அறிக்கையில் 1,240 ஆர்டர்கள், ரூ.18,60,000 விற்பனை என்று கொடுத்திருந்தோம். நன்றிப் பக்கத்தை ரீலோட் செய்தபோதெல்லாம் ஆர்டர் மறுபடி பதிவாகியிருக்கிறது. சரியான எண்கள் 1,085, ரூ.16,27,500. விளம்பரச் செலவு ரூ.3,10,000. எப்படி எழுதுவது?

பதில்: மென்மையான முன்னுரை வேண்டாம், பழைய எண்ணும் புதிய எண்ணும் முதல் வரியிலேயே வரட்டும்.

"ஆகஸ்ட் அறிக்கையில் 1,240 ஆர்டர்கள் என்று குறிப்பிட்டிருந்தோம், சரியான எண்ணிக்கை 1,085. பணம் செலுத்தியபின் வரும் பக்கத்தைச் சிலர் மீண்டும் திறந்தபோது, அதே ஆர்டர் இன்னொரு முறை பதிவானதே காரணம். உங்களுக்கு வந்த ஆர்டர்களிலும் பணத்திலும் எந்த மாற்றமும் இல்லை."

கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். பணம் எங்கே போயிற்று என்பதுதான் அவர் மனத்தில் முதலில் எழும். விளம்பரத்தில் ஒரு ரூபாய்க்கு 6 ரூபாய் விற்பனை என்றிருந்தது 5.25 ஆகக் குறைந்திருப்பதையும் நீங்களே சொல்லிவிடுங்கள். அவரே கணக்குப் போட்டுக் கண்டுபிடித்தால் மறைத்ததாகவே தோன்றும்.

கேள்வி: கூகுள் அனலிட்டிக்ஸ் ஒரே ஆர்டரை இரண்டு முறை எண்ணாதே?

பதில்: ஒரே பயனரிடமிருந்து ஒரே ஆர்டர் எண்ணோடு, அதாவது ஒரே `transaction_id` உடன், `purchase` பதிவு திரும்ப வந்தால் எண்ணாது என்பது சரிதான். ஆனால் பக்கம் திறக்கும்தோறும் புதிய எண் உருவானால், அனலிட்டிக்ஸுக்கு அது புதிய ஆர்டர். இன்று கோளாறைச் சரிசெய்தாலும் பழைய பதிவுகள் தாமாகத் திருந்துவதில்லை. ஆகவே, அனலிட்டிக்ஸ் திரையில் ஆகஸ்ட் மாதத்துக்கு 1,240 என்றே தொடர்ந்து தெரியும் என்று அஞ்சலில் ஒரு வரி சேர்க்க வேண்டும்.

கேள்வி: எங்களுக்கும் இதே கதைதான். ஜூலையில் 400 ஆர்டர் சொன்னோம், ரிட்டர்ன் போக இப்போது 372. இதே அஞ்சலை அனுப்பலாமா?

பதில்: வேண்டாம். உங்கள் 400 அன்றைய தேதிக்குச் சரியான எண். பிறகு பொருள்கள் திரும்பி வந்திருக்கின்றன, அவ்வளவே. இதற்குத் திருத்தம் என்று பெயர் சூட்டினால், இல்லாத பிழையை ஒப்புக்கொண்டதாகும். எந்தத் தேதி வரையிலான கணக்கு என்பதை அறிக்கையிலேயே குறிப்பிட்டால் போதும்.

கேள்வி: ஆர்டர் எண்வாரியாகக் கடைப் பட்டியலோடு ஒப்பிட்டேன். எங்கள் கணக்கில், நகல்களை நீக்கிய பிறகும் கடையில் 9 ஆர்டர்கள் கூடுதலாக உள்ளன. அவற்றையும் சேர்க்கலாமா?

பதில்: விளம்பரத் தடுப்பான் வைத்திருப்பவர்களும், நன்றிப் பக்கம் வருமுன் மூடிவிடுபவர்களும் எல்லா மாதங்களிலும் விடுபடுவார்கள். ஆகஸ்டில் மட்டும் அவர்களைச் சேர்த்தால் மற்ற மாதங்களோடு ஒப்பிட முடியாது. அதைவிட, கோளாறு எந்த நாளில் தொடங்கியது என்று பாருங்கள். ஜூலையையும் தொட்டிருந்தால் இரண்டாவது திருத்த அஞ்சல் அனுப்பும் நிலை வரும்.

கேள்வி: எங்கள் கட்டணம் விற்பனையில் சதவீதம். பில் குறையும் என்பதை இதே அஞ்சலில் எழுதலாமா?

பதில்: திருத்திய பில் தனியே வரும் என்று ஒரு வரி எழுதுவேன். ஒப்பந்தத்தைப் பார்க்காமல் எழுத்தில் எதுவும் தரக்கூடாது என்பது எங்கள் கணக்குப் பிரிவின் வாதம். அதில் நாங்கள் இன்னும் உடன்படவில்லை.