தீபாவளிச் சேலைக்கு எத்தனை ஆர்டர் போடுவது? – கேள்வி பதில்

காரைக்குடி, துணிக்கடைக்காரர்: ஐயா, தீபாவளிக்கென்று ஒரு புது டிசைன் சேலையைச் சூரத்திலிருந்து ஒரே தடவையாக வாங்குகிறேன்; நடுவில் மறுபடி வாங்க நேரமிருக்காது. சராசரியாக 200 ஓடும். 200 போட்டால் சரிதானே?

ஒரு சேலை மீந்தால் வரும் நட்டமும், ஒரு சேலை இல்லாமல் போனால் கைவிட்டுப் போகும் லாபமும் ஒன்றாக இருந்தால் மட்டுமே சரி. நீங்கள் எழுதியனுப்பிய விலைகளைப் பார்த்தால் அப்படி இல்லை. அடக்கம் 600 ரூபாய், விற்பது 1,000, மீந்ததை ஆடித் தள்ளுபடியில் 450க்குத் தள்ளுகிறீர்கள். ஆகவே சேலை இல்லையென்று ஒருவரைத் திருப்பி அனுப்பினால் போவது 400. ஒன்று மீந்தால் போவது 150 மட்டுமே.

இனி 200ஆவது சேலையை மட்டும் கையில் எடுத்து யோசியுங்கள். அது விற்பதற்கும் மீந்துபோவதற்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. விற்றால் 400 வரவு, மீந்தால் 150 செலவு. வரவில் பாதியிலிருந்து செலவில் பாதியைக் கழித்துப் பார்த்தால் 125 ரூபாய் உங்கள் பக்கமே நிற்கிறது. அப்படியிருக்க அந்த இடத்தில் ஏன் நிறுத்த வேண்டும்? எண்ணிக்கையை ஏற்ற ஏற்ற அடுத்த சேலை மீந்துபோகும் வாய்ப்பு கூடிக்கொண்டே போகும். அந்த வாய்ப்பு, 400ஐ 400உம் 150உம் சேர்ந்த 550ஆல் வகுத்து வரும் 0.727ஐத் தொடும்போது வரவும் செலவும் சரிக்குச் சரியாகிவிடும். அந்த விகிதம்தான் கிரிட்டிகல் ரேஷியோ. ஆர்டரை அங்கே நிறுத்தலாம். உங்கள் விற்பனை சராசரி 200ஐச் சுற்றி ஆண்டுக்கு ஆண்டு ஏறியிறங்குவதைத் திட்டவிலக்கமாகச் சொன்னால் ஏறத்தாழ 50 என்று வைத்துக்கொண்டு, எக்செல்லில் இப்படி அடியுங்கள்:

```
=NORM.INV(0.727, 200, 50)
```

230 வரும். இதற்குச் சம்மதிப்பதற்கு முன் ஒன்றை மனத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்: நான்கு தீபாவளியில் ஏறக்குறைய மூன்றில் உங்களிடம் சேலை மீந்து நிற்கும். மீந்ததைக் கண்டு "கூடுதலாகப் போட்டுவிட்டோமே" என்று அடுத்த ஆண்டு குறைப்பதுதான் கடைகளில் நான் அதிகம் பார்க்கும் தவறு.

தேவகோட்டை, கணக்கர்: தீபாவளி முடிந்து ஆடி வர ஒன்பது மாதம். அதுவரை முடங்கிய பணத்துக்கு வட்டி யார் கொடுப்பது?

நீங்கள் சொல்வது முற்றிலும் சரி. மேலே உள்ள கணக்கில் அதை நான் சேர்த்திருக்க வேண்டும். நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய் என்றால் 600க்கு ஒன்பது மாதத்தில் 54. மீந்த சேலையின் நட்டம் 150லிருந்து 204 ஆகிறது, விகிதம் 0.66க்கு இறங்குகிறது, ஆர்டர் 221 ஆகிறது.

ஆனால் இந்த ஒன்பது சேலைக்காக இரவெல்லாம் விழித்திருக்க வேண்டாம். சரியான எண்ணுக்கு அருகே லாபக்கோடு கிட்டத்தட்டத் தட்டையாகத்தான் இருக்கும். வட்டியைச் சேர்க்காத முதல் கணக்கிலேயே, 230க்குப் பதிலாக 221 போட்டால் எதிர்பார்க்கும் லாபத்தில் குறைவது 150 ரூபாய் அளவே. 200இலேயே நின்றுவிட்டால் குறைவது ஏறத்தாழ 1,800.

புதுவயல், ஜவுளி வியாபாரி: எனக்கு இந்த ஏறியிறங்கும் தொல்லையே இல்லை. மூன்று ஆண்டாக 150 வாங்குகிறேன், மூன்று ஆண்டும் 150ம் விற்றுவிட்டது. தேவை 150 என்பது உறுதி.

150 விற்றது என்பது உறுதி. தேவை 150 என்பது உறுதியில்லை. இருப்பு தீர்ந்த பிறகு கேட்டு வந்தவர்களை உங்கள் பில் புத்தகம் எழுதி வைப்பதில்லை. முழுவதும் விற்றுத் தீர்ந்த ஆண்டு ஒவ்வொன்றும் "தேவை குறைந்தது 150" என்று மட்டுமே சொல்லும். அதை அப்படியே சராசரியில் சேர்த்தால் சராசரியும் குறைந்து காட்டும், ஏற்ற இறக்கமும் இல்லாததுபோல் தோன்றும். அந்த எண்ணை நம்பி அடுத்த ஆண்டும் 150 போட்டால் அதுவும் விற்றுத் தீர்ந்து, உங்கள் நம்பிக்கையை இன்னும் கெட்டியாக்கும்.

கடைசிச் சேலை எந்தத் தேதியில் போனது என்று பழைய பில்களைப் புரட்டிப் பாருங்கள். தீபாவளிக்கு முதல் நாள் மாலை போயிருந்தால் உங்கள் 150 பெரிதாகத் தவறில்லை. பத்து நாள் முன்பே போயிருந்தால் கூட்டம் வரும் நாட்களில் கடையில் சரக்கு இல்லை என்று பொருள். கல்லாவில் ஒரு நோட்டை வைத்து, "அந்தச் சேலை இருக்கா?" என்று கேட்டுத் திரும்பும் ஒவ்வொருவருக்கும் ஒரு கோடு போடச் சொல்லுங்கள். ஒரே ஆள் இரண்டு முறை கேட்பார், வேறு சேலை எடுத்துக்கொண்டு போகிறவரும் இருப்பார். ஆகவே கோடுகளைக் கொஞ்சம் குறைத்தே எண்ண வேண்டும். அப்படி எண்ணினாலும் வெறும் பில்லைவிட அது நம்பத்தகுந்தது.

கானாடுகாத்தான், பலகாரம் செய்யும் ஆச்சி: தம்பி, நான் தீபாவளிக்குத் தேன்குழலும் மனகோலமும் போடுகிறேன். எனக்கு எத்தனை கிலோ என்று சொல்லுங்கள்.

ஆச்சி, நீங்கள் தினமும் அடுப்பு மூட்டுகிறீர்கள்; இன்று விற்றதைப் பார்த்து நாளைக்கு மாவு பிசையலாம். ஒரே தடவை முடிவு செய்துவிட்டுத் திருத்த முடியாமல் நிற்பவருக்கான கணக்கு இது. உங்களுக்கு அவ்வளவு கட்டு இல்லை. கடைசி நாள் போடும் ஈடுக்கு மட்டும் இது பொருந்தும். கிலோவுக்கு அடக்கம் 220, விற்பது 300, பண்டிகை கழிந்தால் 100க்குத்தான் போகும் என்று வைத்துக்கொண்டால், விற்பதில் 80 லாபம், மீந்தால் 120 நட்டம், விகிதம் பாதிக்கும் கீழே, 0.4. அப்போது உங்கள் சராசரியைவிடக் குறைவாகவே போட வேண்டும். துணிக்கடைக்காரருக்குச் சொன்னதற்கு நேர் எதிராக இருக்கிறதே என்று நினைக்க வேண்டாம். கணக்கு ஒன்றுதான், எண்கள்தான் வேறு.

காரைக்குடி, கண்டாங்கிச் சேலை விற்பவர்: எங்களுக்குத் தள்ளுபடியே கிடையாது. மீந்தது பொங்கலுக்கு அதே விலைக்குப் போகும்.

அப்படியானால் மீந்ததால் வரும் நட்டம் சில மாத வட்டி மட்டுமே, விகிதம் ஒன்றை ஒட்டி நிற்கும், சூத்திரம் "அள்ளிப் போடு" என்று சொல்லும். அதை நம்ப வேண்டாம். பருவம் கடந்தும் விலை இறங்காத சரக்குக்கு இந்த மாதிரியைப் பயன்படுத்தக் கூடாது என்பதற்கு அதுவே அறிகுறி. தறிக்காரரிடம் எத்தனை நாளுக்கொரு முறை எத்தனை எடுப்பது என்பது வேறு கணக்கு.

பள்ளத்தூர், கல்லூரி மாணவி: சேலை இல்லை என்று திரும்பிய வாடிக்கையாளர் இனி அந்தக் கடைக்கே வராமல் போனால்? 400 மட்டும்தானா இழப்பு?

இல்லை, அதற்கும் மேல்தான். எவ்வளவு என்று எனக்கே திட்டமாகச் சொல்லத் தெரியவில்லை. வட்டியைச் சேர்த்த கணக்கில் ஒருவரின் மனக்கசப்புக்கு 200 ரூபாய் வைத்தால் இழப்பு 600 ஆகி, விகிதம் 0.75ஐ ஒட்டிவிடும், ஆர்டர் 233ஐத் தாண்டும். அந்த 200ஐ யாரும் அளந்து தந்ததில்லை. கடைக்காரர்கள் தங்கள் ஆசைக்கு ஏற்ப அதை ஏற்றிக்கொள்வதையும் பார்த்திருக்கிறேன்.

இன்னொரு செய்தி, நீங்கள் கேட்கவில்லை என்றாலும்: செய்தித்தாள் விற்பவர் பெயரில் வழங்கும் இந்தக் கணக்கை 1888இல் எட்ஜ்வொர்த் என்ற பொருளியல் அறிஞர் வங்கிக்காகத்தான் போட்டார், பணம் எடுக்க வருபவர்களுக்காகப் பெட்டியில் எவ்வளவு ரொக்கம் வைப்பது என்று. லேவாதேவி செய்த நம் ஊர்ப் பெரியவர்களுக்கு அந்தக் கேள்வி புதிதாக இருந்திருக்காது. அங்கே பணம் இல்லையென்று ஒருவரைத் திருப்பினால் வரும் இழப்பைச் சேலைக்கடை இழப்போடு ஒப்பிட முடியாது. ஆகவே உங்கள் கேள்வி அங்கே இன்னும் கடினமானது.