டிரெஞ்ச் கோட்டில் கையெறி குண்டு தொங்கியதா?

கேள்வி: மாலுமிகளின் கம்பளிக் கோட்டான பீகோட்டில் இரண்டு வரிசைப் பொத்தான் அழகுக்குத்தானா?

பதில்: இல்லை. மார்பின் மேல் கம்பளி இரண்டு மடிப்பாக விழும். கப்பல் மேல்தட்டின் காற்று உள்ளே வராது. முரட்டுக் கம்பளியைக் குறிக்கும் ‘பெய்’ என்ற டச்சுச் சொல்லிலிருந்து வந்த பெயர் இது, பட்டாணிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. வாங்கும்போது உள் லேபிளைப் படியுங்கள். பாதிக்கு மேல் பாலியெஸ்டர் என்றால் அது பீகோட் வேஷம்தான்.

கேள்வி: டிரெஞ்ச் கோட் பெல்ட்டில் இருக்கும் டி வடிவ வளையங்கள் கையெறி குண்டு மாட்டத்தானே?

பதில்: இதே கேள்வியோடு மூன்றாவது கடிதம். இல்லவே இல்லை! முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் படை வீசிய மில்ஸ் குண்டு ஒன்று ஏறக்குறைய முக்கால் கிலோ. நான்கை மாட்டினால் மூன்று கிலோ. துணி பெல்ட் தொடைக்கு இறங்கிவிடும். அதைவிட, வளையத்தில் கோக்க வாகாகக் குண்டில் இருப்பது பாதுகாப்புப் பின்னின் வளையம்தான். அதில் தொங்கவிட்டபடி முள்கம்பிக்கு அடியில் தவழ்ந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். குண்டுகள் பையிலும் பெட்டியிலும்தான் போயின.

இன்னொன்று, இது அதிகாரிகள் கடையில் தாங்களே வாங்கிப் போட்ட கோட். சிப்பாய்க்குக் கிடைத்தது கம்பளி கிரேட்கோட். சேறும் மழையும் ஊறினால் தூக்கவே முடியாது. அதிகாரியின் வளையத்தில் தொங்கியது வரைபட உறை மாதிரிச் சாமான்கள். உண்மையான சாமர்த்தியம் வேறு இடத்தில் இருக்கிறது. வலது தோளிலிருந்து இறங்கும் மடிப்புக்கு அடியில் இடது முன்பக்கத்தைப் பொத்தானிட்டால், வழிந்து வரும் மழைநீர் திறப்புக்குள் புகாது. முதுகில் தளர்வாக விழும் துண்டும் அதே வேலைதான், நீரை உடம்பிலிருந்து தள்ளிச் சொட்டவிடும். இதையெல்லாம் யாரும் கேட்பதில்லை, குண்டைத்தான் கேட்கிறார்கள்.

கேள்வி: டஃபிள் கோட்டின் மரக்கட்டைப் பொத்தான்களை எடுத்துவிட்டு ஜிப் வைக்கலாமா?

பதில்: வைக்கலாம், அப்புறம் அதை டஃபிள் என்று சொல்லாதீர்கள். தடித்த கையுறையைக் கழற்றாமல் பிரிட்டிஷ் மாலுமிகள் கோட்டை மூட உதவியவை அந்தக் கட்டைகள்தான்.

கேள்வி: பாம்பர் ஜாக்கெட்டின் உள்துணி ஏன் ஆரஞ்சு?

பதில்: அது எம்ஏ-1 வகை. விழுந்து உயிர்தப்பிய விமானி ஜாக்கெட்டைத் திருப்பிப் போட்டால் தேடுகிறவர் கண்ணில் படுவார். தொடக்கத்தில் உள்ளேயும் பச்சைதான். 1960 வாக்கில் ஆரஞ்சு வந்தது. பழைய மாடல்களின் ரோமக் காலர் பாராசூட் வாருக்கு இடைஞ்சல் என்பதால் பின்னல் காலர் ஆனது.

கேள்வி: எந்தக் கோட் நல்லது?

பதில்: எந்த ஊர், எந்த மாதம், மழையா பனியா? ஒன்றும் எழுதவில்லை. டொரண்டோ ஜனவரி என்றால் பார்கா. டிரெஞ்ச் கோட் மழைக்கானது, உறைகுளிருக்குப் போதாது. எதை வாங்கினாலும் உள் லேபிளைப் படியுங்கள். பின்பிளவில் பெருக்கல் குறிபோல் தையல் இருந்தால் வெட்டி எடுங்கள். அது கடைக்கு வரும்வரை மடிப்பு கலையாமல் இருக்கப் போட்டது. அதோடு நடந்து போகிறவர்களை வாராவாரம் பார்க்கிறேன்.