கிரேவி முடிந்த பிறகே பனீர்

கேள்வி: பனீர் கிரேவி செய்தால் ஒவ்வொரு தடவையும் பனீர் ரப்பர் மாதிரி ஆகிவிடுகிறது. எப்போது சேர்க்க வேண்டும், எவ்வளவு நேரம் கொதிக்க விட வேண்டும்?

கிரேவி முழுதாகத் தயாரான பிறகு சேருங்கள். சேர்த்தபின் சிறு தீயில் 3 நிமிடம் போதும். அடுப்பை அணைத்துவிட்டு, மூடி போட்டு 10 நிமிடம் அப்படியே விடுங்கள்.

நானும் பல நாள் பனீரை உருளைக்கிழங்கு மாதிரிதான் நடத்தினேன். மசாலா உள்ளே இறங்கட்டும் என்று கால் மணி நேரம் கொதிக்க விடுவேன். ஆனால் பனீர் வேகவேண்டிய பொருளே இல்லை. கொதித்த பாலைத் திரித்துச் செய்வதால் வாங்கும்போதே அது வெந்ததுதான். பாலின் புரதம் ஒரு வலை மாதிரிப் பின்னி, நடுவில் தண்ணீரையும் கொழுப்பையும் பிடித்து வைத்திருக்கிறது. மறுபடி சூடுபடுத்தச் சூடுபடுத்த அந்த வலை இறுகித் தண்ணீரை வெளியே பிழிந்துவிடும். கிழங்கு கொதிக்கக் கொதிக்க மெத்தென்று ஆகும், பனீர் கொதிக்கக் கொதிக்க இறுகும். எவ்வளவு நேரம் கொதித்தாலும் மசாலா அதன் நடுவரைக்கும் போகாது. மேலே ஒட்டிக்கொள்ளும், அவ்வளவுதான். உப்பு மட்டும் கொஞ்சம் உள்ளே போகும். அதற்கு வேறு வழி இருக்கிறது.

200 கிராம் பனீரை வைத்துச் சொல்கிறேன். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்ததும் கெட்டியாக இருக்கும். விரல் அகலத்துக்கு, ஏறக்குறைய 2 செ.மீ. துண்டுகளாக வெட்டிக்கொள்ளுங்கள். ரொம்பச் சின்னதாக வெட்டினால் சீக்கிரம் இறுகும். இரண்டு டம்ளர் சுடுநீரில் அரை ஸ்பூன் உப்புப் போட்டு, துண்டுகள் அதில் 15 நிமிடம் ஊறட்டும். தண்ணீர் நல்ல சூடாக இருக்கலாம், ஆனால் அடுப்பில் கொதித்துக்கொண்டிருக்கக் கூடாது. உப்பும் ஏறும், துண்டும் இளகும்.

வறுத்த பனீர்தான் பிடிக்கும் என்றால் ஊற வைப்பதற்கு முன் வறுத்துக்கொள்ளுங்கள். ஒரு ஸ்பூன் எண்ணெயில் இரண்டு பக்கம் மட்டும், பக்கத்துக்கு ஒரு நிமிடத்துக்குள், ஓரம் லேசாகப் பொன்னிறமானதும் எடுத்து நேராக அந்த உப்புநீரில் போடுங்கள். ஆறு பக்கமும் சிவக்க வறுத்தால் அப்போதே தண்ணீர் போய்விடும், ஊற வைத்தாலும் பழைய மென்மை வராது. நான் இப்போது பெரும்பாலும் வறுப்பதே இல்லை.

பனீர் ஊறும் நேரத்தில் கிரேவியை முடித்துவிடலாம். வெங்காயம், தக்காளி விழுதை எண்ணெய் பிரியும்வரை வதக்கி, தண்ணீர் ஊற்றி, பச்சை வாசம் போகும்வரை கொதிக்க வையுங்கள். உப்பு, காரம் எல்லாம் இப்போதே சரிபாருங்கள். பதம்தான் இங்கே முக்கியம். பனீரைப் போட்ட பிறகு "நீர்க்க இருக்கிறதே" என்று வற்ற வைக்கப் போனால் 3 நிமிடம் தானாகவே 10 நிமிடம் ஆகிவிடும். பெரும்பாலும் தப்பு நடப்பது இந்த இடத்தில்தான். உங்களுக்கு வேண்டிய பதத்தைவிடச் சற்றே இளக்கமாக இருக்கும்போது நிறுத்துங்கள், மூடி வைக்கும் நேரத்தில் அது கெட்டியாகும்.

அப்புறம் தீயைக் குறைத்து, நீரை வடித்த பனீரைச் சேருங்கள். ஓரத்தில் மட்டும் சின்னச் சின்னக் குமிழி வர வேண்டும். தளதளவென்று கொதிக்கக் கூடாது. கரண்டியால் கிளறாமல் பாத்திரத்தைப் பிடித்து இரண்டு முறை குலுக்கினால் துண்டு உடையாது. 3 நிமிடம் ஆனதும் அணைத்து, கிரீம் விடுவதானால் அப்போது விட்டு மூடுங்கள். திறந்த பிறகு ஒரு துண்டை ஸ்பூன் ஓரத்தால் அழுத்திப் பாருங்கள். சுலபமாகப் பிளந்தால் சரி. அமுங்கி மறுபடி எழும்பினால் சூடு அதிகமாகிவிட்டது. அந்த நிலையில் அரை டம்ளர் சுடுநீர் கலந்து, அடுப்பில்லாமல் கால் மணி நேரம் மூடி வைத்தால் ஓரளவு இளகும், முழுதாகச் சரியாகாது.

சில பனீர் வாங்கும்போதே அப்படித்தான் இருக்கும். கொழுப்பு எடுத்த பாலில் செய்ததும், ரொம்ப அழுத்தி நீரை வடித்ததும் என்ன செய்தாலும் கடிக்கக் கடினம்தான். சமைக்கும் முன் ஒரு துண்டை மென்று பாருங்கள். பல்லில் கீச்சென்று உரசினால் அதை உதிர்த்துப் பொரியலாக்குவது நல்லது. வீட்டில் செய்த பனீருக்குச் சிக்கல் வேறு: அது உடையும். அதை ஊற வைக்காதீர்கள், 3 நிமிடத்தையும் ஒன்றரை ஆக்கிவிடுங்கள்.

மறுநாள் சூடு செய்யும்போதும் இதே கவனம் வேண்டும். பனீர் துண்டுகளைத் தனியே எடுத்து வைத்துவிட்டு, கிரேவியை மட்டும் கொஞ்சம் தண்ணீர் விட்டு நன்றாகக் கொதிக்க வைத்து அணையுங்கள். துண்டுகளை அதில் போட்டு மூடினால் சில நிமிடத்தில் அந்தச் சூட்டிலேயே சூடாகிவிடும்.